உன் கண் படம் பார்த்தேன்

தக்கலை

அன்புள்ள செல்வராஜ்,

நலம். இருமல் இன்னும் நிற்கவில்லை என்று எழுதியிருந்தாய். மெட்ராஸ் ஐ என்று பயந்து வீட்டில் உனக்குத் தனி டவல் வைத்திருக்கிறார்களாமே. மக்கா, நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்கு அது மெட்ராஸ் ஐயாகத் தெரியவில்லை.

கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த பழக்கத்தில் நான் முதலில் பார்ப்பது சிவப்பின் ஓரத்தைத்தான். உன் கண்ணில் காது பக்கத்து வெள்ளையில் சிவப்பு மையைக் கொட்டியது போல ஒரே பட்டை. ஓரம் தெளிவாக இருக்கிறது, அதைத் தாண்டினால் வெள்ளை சுத்தமாக இருக்கிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்தச் சிவப்புக்குள் தனியாக ஒரு ரத்தக்குழாயும் தெரியவில்லை. வெள்ளையை மூடிய மெல்லிய சவ்வுக்கு அடியில், இருமின வேகத்தில் ஒரு சின்ன ரத்தக்குழாய் உடைந்து ரத்தம் பரவியிருக்கிறது. அவ்வளவுதான்.

பேரனுக்கு மெட்ராஸ் ஐ வந்தபோது எடுத்த படத்தையும் அனுப்புகிறேன், பக்கத்தில் வைத்துப் பார். அதில் வீங்கின ரத்தக்குழாய்கள் நூல் நூலாக எண்ணுகிற மாதிரித் தெரியும். கீழிமையை இழுத்துப் பிடித்தால் உள்பக்கம்தான் அதிகச் சிவப்பு. இமைமயிரில் பீளை ஒட்டியிருக்கும். மூன்றாவது படம் மகளுடைய கண்கட்டி. அதில் வெள்ளை ஏறக்குறைய சுத்தம். இமை ஓரத்தில், ஒரு மயிரின் வேரில் மஞ்சள் முனையோடு கட்டி. வெதுவெதுப்பான துணியால் பத்து நிமிஷம், தினமும் மூன்று நான்கு தடவை ஒற்றியே வடிந்துவிட்டது. பிதுக்க மட்டும் கூடாது.

உன் சிவப்பு முதல் ஓரிரு நாள் இன்னும் பரவலாம், பயப்படாதே. பிறகு மஞ்சளாகி இரண்டு வாரத்துக்குள் போய்விடும். அதைச் சீக்கிரம் கரைக்க எந்தச் சொட்டு மருந்தும் கிடையாது. மைனி சொன்ன நந்தியாவட்டைச் சாறும் வேண்டாம், அதிலிருந்து கிருமி போனால் இல்லாத வியாதி வரும்.

ஆனால் வலியையும் பார்வையையும் படம் காட்டாது. உண்மையான வலி, வெளிச்சம் பட்டால் கூச்சம், பார்வை மங்கல், கருவிழியைச் சுற்றி வளையமாகச் சிவப்பு, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே கண் டாக்டரிடம் போ. மட்டையோ கயிறோ அடித்து வந்த ரத்தம் என்றாலும் அப்படித்தான்.

அப்புறம், நீ தினமும் ஆஸ்பிரின் போடுகிறவன். அதைப் போடுகிறவர்களுக்கு இப்படி ரத்தம் கசிவது சுலபம். அதற்காக நீயாக மாத்திரையை நிறுத்தாதே. பிரஷரைப் பார்த்துவிட்டு எனக்கு எழுது. இன்னொரு தடவை இப்படி வந்தால் ரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டியிருக்கும். அடுத்த படத்தை ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடு. மஞ்சள் பல்புக்குக் கீழே எடுத்தால் வெள்ளையின் நிறமே மாறிப் போகிறது.

அன்புடன்,
தாசன்