பூட்டுக்கு எண்ணெய்

பண்ணைக்காடு,
வியாழன் இரவு

அன்புள்ள நெய்னா,

அஸ்ஸலாமு அலைக்கும். ரமளானுக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை, மன்னித்துவிடு. வீட்டில் எல்லோரும் சுகம். காப்பி பறிப்பு முடிந்துவிட்டது. மாமியாருக்கு முழங்கால் வலி அப்படியேதான்.

பூண்டுக்காரப் பெரியவர் சென்ற மாதம் மவுத்தாகிவிட்டார். நீ இங்கே வந்தபோது உன் பையில் ஒரு கட்டு மலைப்பூண்டைத் திணித்து விட்டாரே, அவர்தான். கடைசிவரை வடுகபட்டிச் சந்தைக்குத் தானே சரக்கு ஏற்றிப் போனார். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்ளட்டும்.

அவருடைய சொத்தைப் பிரிக்க என்னைக் கூப்பிட்டார்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நாலு நாளாக எனக்குத் தூக்கம் சரியில்லை.

மனைவி முன்பே போய்விட்டார். இரண்டு மகன், ஒரு மகள். இளையவன் ஆறு வருஷத்துக்கு முன் லோடு லாரியில் போனவன், இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அவன் மனைவியும் பத்து வயது மகளும் இங்கேயே இருக்கிறார்கள். பஸ் நிறுத்தத்துக்குக் கீழே அவன் பெயரில் ஒரு சின்னக் கடை உண்டு. பெரியவர் மாதம் ஒரு தடவை அங்கே போய், மூடிக் கிடக்கும் ஷட்டரின் பூட்டைத் திறந்து, தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, சாவியை நாலு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி பூட்டுவார். மழைக்காலத்தில் துரு பிடித்துவிடுமாம், மகன் வந்தால் திறக்க வராதாம். நானே நின்று பார்த்திருக்கிறேன்.

இஸ்திஸ்ஹாப் என்றால் என்ன என்று எனக்கு உறைத்தது அந்தப் பூட்டைப் பார்த்துத்தான். உறுதியாக இருந்த நிலை மாறியதற்கு ஆதாரம் வரும்வரை அந்த நிலையே தொடர்கிறது என்று எடுத்துக்கொள்வது. மதரஸாவில் இதற்கு, தொழுகைக்கு முன் நீ கழுவிக்கொண்டே இருந்த உன் ஒளுதானே உதாரணம்! ஒளு செய்தது உறுதி, முறிந்ததா என்பது சந்தேகம், சந்தேகத்தால் உறுதி போகாது என்று ஹஜ்ரத் எத்தனை தடவை சொன்னார்? நீ கேட்டாயா? உனக்குப் பின்னால் ஹவுளில் நாங்கள் வரிசையில் நின்ற குளிர் இன்னும் உடம்பில் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காணாமல் போனவன் உயிரோடு இருந்தது உறுதி, இறந்தது சந்தேகம். அதனால் அவன் கடையை யாரும் வாரிசு என்று சொல்லித் தொட முடியாது. கடையை வாடகைக்கு விட்டு, வருகிற பணத்தை அவன் மனைவி மகள் செலவுக்குக் கொடுக்கச் சொன்னேன். கணவன் பொருளிலிருந்து அவர்கள் ஜீவனாம்சம் எடுப்பதற்கு நம் ஃபிக்ஹ் சட்டத்தில் தாராளமாக இடம் இருக்கிறது. இதுவரை யாருக்கும் மனக்கசப்பு இல்லை.

வாப்பாவின் சொத்தில் அவனுக்குப் பங்கு உண்டா என்பதில்தான் முடிச்சு விழுந்தது. சட்டம் எடுக்கும் விதிகளில், எங்கள் ஹனஃபி உஸூலில், இஸ்திஸ்ஹாப் கேடயம் மாதிரி. கையில் இருப்பதைக் காப்பாற்றும், இல்லாத புது உரிமையை வாங்கித் தராது. வாப்பாவின் மவுத்துக்குப் பிறகும் உயிரோடு இருந்தான் என்று நிரூபித்தால்தான் வாரிசாக முடியும். வெறும் அனுமானம் அதற்குப் போதாது. அதற்காக அவனை அடியோடு ஒதுக்கிவிடவும் முடியாது, நாளைக்கே வந்து நிற்கலாம். ஆகவே இரண்டு கணக்கும் போட்டேன். சொத்து சுமார் பதினைந்து லட்சம். அவன் இருப்பதாக வைத்தால் மகன்களுக்கு ஆறு ஆறு, மகளுக்கு மூன்று. இல்லை என்று வைத்தால் மூத்தவனுக்குப் பத்து, மகளுக்கு ஐந்து. இருப்பவர்களுக்கு இரண்டில் எது குறைவோ அதைக் கொடுக்க வேண்டும். மூத்தவன் ஆறும் மகள் மூன்றும் வாங்கிக்கொண்டார்கள். மீதி ஆறு லட்சம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

அவன் வந்தால் அந்த ஆறும் அவனுடையது. வராமலே போய், இறந்துவிட்டதாகத் தீர்ப்பானால்? கடை அவனுடைய சொந்தச் சொத்து, அதனால் தீர்ப்பு நாளில் இருக்கும் அவன் வாரிசுகளுக்குப் போகும். ஆனால் இந்த ஆறு லட்சம் அண்ணனுக்கு நாலும் தங்கைக்கு இரண்டுமாகத் திரும்பிவிடும். அவன் மகளுக்கு ஒரு பைசா கிடையாது. ஒரே மனிதன், கடை விஷயத்தில் தீர்ப்பு நாள்வரை உயிரோடு இருந்தவன், வாப்பா சொத்தில் காணாமல் போன நாளிலேயே போனவன்.

இதைக் கேட்டதும் அவன் மனைவி அழவில்லை, சத்தம் போடவும் இல்லை. "அப்ப மாமா எண்ணெய் விட்டதெல்லாம் எதுக்கு ஹஜ்ரத்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பக்கத்தில் இருந்த என் தம்பி மகன், இப்போதுதான் ஆலிம் பட்டம் வாங்கியவன், "இஸ்திஹ்ஸான் இருக்கே, அதை வைத்துக் கொடுத்துவிடலாமே" என்றான். மனசு அவன் பக்கம் சாய்ந்தாலும் சரி என்று சொல்ல முடியவில்லை. நல்லதாகத் தோன்றுவதைச் செய்வதா இஸ்திஹ்ஸான்? அப்படியிருந்தால் உங்கள் இமாம் ஷாஃபி அதை மறுத்து எழுதியதுதான் நியாயம். தெரிந்த சட்டத்தோடு ஒப்பிட்டு முடிவெடுப்பது கியாஸ்; வெளிப்படையான கியாஸை விட்டு விலகுவதற்கு அதைவிட வலுவான ஆதாரம் கையில் வேண்டும். அது ஒரு ஹதீஸாக, அறிஞர்கள் ஒருமித்த இஜ்மாவாக, தவிர்க்க முடியாத தேவையாக, இல்லையென்றால் இன்னும் நுட்பமான வேறொரு கியாஸாக இருக்கலாம்.

அவனுக்குக் கிணற்றை எடுத்துச் சொன்னேன். கிணற்றில் எலி விழுந்து செத்தால், கியாஸ்படி அந்தக் கிணறு என்றைக்கும் சுத்தமாகாது. தண்ணீரை இறைத்தாலும் சுவரும் சேறும் நஜீஸ், வாளி உள்ளே போனதும் வாளியும் நஜீஸ். ஆனால் முன்னோரின் அறிவிப்புகளும் மக்களின் தேவையும் இருப்பதால் கியாஸை விட்டார்கள். எலி ஊதி வெடிக்காமல் இருந்தால் அதை எடுத்துப் போட்டுவிட்டு இருபது முதல் முப்பது வாளி இறைத்தால் போதும், கயிறும் வாளியும் சேர்ந்தே சுத்தம். அதே சலுகையை வீட்டு சிமெண்ட் தொட்டிக்கு நீட்ட முடியுமா? முடியாது. கியாஸுக்கு மாறாக வந்த சட்டத்தின் மேல் இன்னொரு கியாஸ் கட்டக் கூடாது. நுட்பமான கியாஸால் வந்த இஸ்திஹ்ஸானை மட்டும்தான் வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாம். இந்த ஆறு லட்சத்துக்கு அந்த நாலு ஆதாரத்தில் எது இருக்கிறது என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். எனக்கே அதைக் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

கோர்ட்டுக்குப் போனாலும் நிலைமை ஏறக்குறைய இதுதான். ஏழு வருஷம் தகவல் இல்லையென்றால் இறந்ததாக அனுமானிக்கலாம் என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது. தொண்ணூறு வயது வரை காத்திருக்கும் எங்கள் பழைய கணக்கு கோர்ட்டில் எடுபடாது என்று அலகாபாத் ஹைகோர்ட் 1884-லேயே சொல்லிவிட்டது. ஆனால் எந்த நாளில் இறந்தான் என்பதற்கு அந்த அனுமானம் பதில் தராது. வாப்பாவுக்குப் பிறகும் இருந்தான் என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். 1939 சட்டப்படி நாலு வருஷம் தகவல் இல்லாவிட்டாலே அந்தப் பெண் மணவிலக்குக் கேட்கலாம். அந்தப் பேச்சை எடுத்தேன், கை காட்டி நிறுத்திவிட்டார்.

இனி நீதான் சொல்ல வேண்டும், நெய்னா. உங்கள் ஷாஃபி உஸூலில் இஸ்திஸ்ஹாப் காக்கவும் செய்யும், தரவும் செய்யும் என்று காயல்பட்டினத்தார் பெருமையோடு என்னிடம் எத்தனை ராத்திரி வாதாடியிருக்கிறாய்! உங்கள் மின்ஹாஜ் கிதாபிலும் பங்கை நிறுத்தி வைக்கத்தான் நவவி இமாம் சொல்கிறார், அதில் நமக்குள் சண்டை இல்லை. தீர்ப்புக்குப் பிறகு அந்தப் பங்கு யாருக்கு? உன் உஸூலை அப்படியே பிடித்தால் ஆறு லட்சமும் அவனுடைய சொத்தாகிவிடும். மகளுக்குப் பாதி, மூன்று லட்சம். மனைவிக்கு எட்டில் ஒன்று, எழுபத்தைந்தாயிரம். மீதி இரண்டேகால் லட்சம் அண்ணன் தங்கைக்கு. ஃபிக்ஹ் கிதாபுகள் கடைசியில் அப்படித்தான் முடிக்கின்றனவா, வேறு மாதிரியா? விளக்கவுரைகளைப் புரட்டி, பக்கத்தைப் போட்டு எழுது.

நாளை ஜும்ஆவுக்குப் பிறகு மூத்தவனையும் தங்கையையும் தனியாகப் பார்க்கப் போகிறேன். அந்தப் பங்கு ஒருநாள் அவர்களுக்கு வந்தால், அதைத் தம்பி மகளுக்கு ஹிபாவாக, அன்பளிப்பாகக் கொடுப்பது முழுக்க அவர்கள் விருப்பம். மூத்தவன் இளகிய மனசுக்காரன்தான், அவன் மனைவியை நினைத்தால்தான் கொஞ்சம் யோசனையாக இருக்கிறது.

கடைச் சாவி இப்போது என்னிடம் இருக்கிறது. நேற்று மழை விட்டதும் போய்ப் பூட்டுக்கு எண்ணெய் விட்டு வந்தேன். நன்றாகத்தான் திரும்புகிறது.

பதில் சீக்கிரம் போடு. காக்காவுக்கு என் சலாம் சொல்லு.

வஸ்ஸலாம்,
உன் ராவுத்தன்