அரியர் வகுப்பில் சேருமுன் உங்கள் மதிப்பெண்களைக் கேட்பது ஏன்?

அன்புள்ள மாணவர்களுக்கும் பெற்றோருக்கும்,

தக்கலையில் உள்ள எங்கள் டியூஷன் மையத்துக்கு, மண்டைக்காடு கொடை முடிந்த கையோடு எட்டாம் செமஸ்டர் இன்ஜினியரிங் மாணவர்கள் வரத் தொடங்குவார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் கடைசி செமஸ்டர் என்பது பெரும்பாலும் புராஜெக்ட்தான். ஆகவே ஏப்ரல், மே தேர்வில் அவர்கள் உட்கார்ந்து எழுதுவதெல்லாம் பழைய அரியர்கள். மூன்று பேப்பர் இருந்தால் மூன்றுக்கும் சம நேரம் கேட்கிறார்கள், அல்லது எதற்குப் பயமோ அதிலேயே முழு நேரத்தையும் கொட்டுகிறார்கள். இந்த இரண்டையும் நாங்கள் இப்போது ஒத்துக்கொள்வதில்லை. சேர்க்கைக்கு முன் இன்டர்னல் மதிப்பெண், இன்டர்னல் தேர்வுத் தாள், போன தேர்வின் விடைத்தாள் நகல் ஆகிய மூன்றையும் கேட்கிறோம். "பீஸ் கட்டினால் போதாதா, இதெல்லாம் எதுக்கு?" என்று சிலர் கேட்டதால் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் தியரி பேப்பருக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்வை 100க்கு எழுதுகிறீர்கள், அதை 60க்குக் குறைக்கிறார்கள். பாஸாக இரண்டு நிபந்தனை: தேர்வில் மட்டும் 100க்கு 45 வேண்டும், இரண்டும் சேர்ந்து 50 வேண்டும். அரியர் எழுதும்போது இன்டர்னல் பழையதேதான், மாறாது. எனவே 50இலிருந்து உங்கள் இன்டர்னலைக் கழித்து 0.6ஆல் வகுத்தால் தேர்வில் எடுக்க வேண்டிய மதிப்பெண் கிடைத்துவிடும். விடை 45க்குக் கீழே வந்தாலும் 45 எடுத்தே ஆக வேண்டும். இன்டர்னல் 23 என்றால் சரியாக 45. 20 என்றால் 50. 17 என்றால் 55. இன்டர்னலில் மூன்று குறைந்தால் தேர்வில் ஐந்து கூடுதலாக எடுக்க வேண்டும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஒரே பேப்பரைத் திரும்பத் திரும்ப எழுதியவர்களுக்கு, இன்டர்னலை விட்டுவிட்டு, தேர்வில் மட்டும் 100க்கு 50 எடுத்தால் பாஸ் என்னும் விதி உண்டு. ஆகவே இது எத்தனையாவது முயற்சி என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், கணக்கே மாறிவிடும். தன்னாட்சிக் கல்லூரி மாணவர்கள் தங்கள் கல்லூரி விதியைக் கொண்டு வாருங்கள்.

உதாரணத்துக்கு ஒரு மெக்கானிக்கல் மாணவரை எடுத்துக்கொள்வோம். மூன்று அரியர். தெர்மோடைனமிக்ஸில் இன்டர்னல் 26, போன தேர்வில் 40. மூன்றாம் கணிதப் பேப்பரான எம்-3இல் இன்டர்னல் 18, தேர்வில் 38. தியரி ஆஃப் மெஷின்ஸில் இன்டர்னல் 20, தேர்வில் 21. மேற்படி கணக்குப்படி அவருக்குத் தேவை முறையே 45, 54, 50. அதாவது தெர்மோவில் ஐந்து மதிப்பெண் குறைவு, எம்-3இல் பதினாறு, மெஷின்ஸில் இருபத்தொன்பது. இன்டர்னலை மட்டும் பார்த்தால் மெஷின்ஸ்தான் எம்-3ஐ விடத் தேவலை என்று தோன்றும். உண்மை நேர்மாறு.

ஏன் அப்படி? இன்டர்னலுக்கு இரண்டு மதிப்பீடு, ஒவ்வொன்றும் 100க்கு. அதில் எழுத்துத் தேர்வு 60தான், மீதி 40 அசைன்மென்ட், செமினார் வகை. இவர் மெஷின்ஸ் தேர்வுகளில் 60க்கு 17, 14 எடுத்திருக்கிறார். அசைன்மென்ட்டில் 80க்கு 69. கையெழுத்து அழகாக இருந்திருக்கும் போல. மொத்தமாகச் சேர்த்து 200க்கு 100, அதைச் சுருக்கினால் 20. எம்-3இல் முதல் தேர்வில் 36, இரண்டாம் தேர்வுக்கு அவர் போகவே இல்லை. அசைன்மென்ட்டில் 54. கூட்டினால் 90, அதாவது 18. இதனால்தான் இன்டர்னல் மொத்தத்தை நாங்கள் பாஸ் கணக்குக்கு மட்டும் பயன்படுத்துகிறோம். பாடம் தெரியுமா என்று பார்க்க தேர்வுத் தாளை மட்டுமே எடுத்துக்கொள்கிறோம். சில இடங்களில் ரீடெஸ்ட் வைத்து மதிப்பெண்ணை ஏற்றிக்கொடுப்பார்கள், அப்படியானால் முதலில் எழுதிய தாள்தான் எங்களுக்கு வேண்டும்.

இனி விடைத்தாள் நகல். வினாத்தாளில் பகுதி அ இருபது மதிப்பெண், பத்து இரண்டு மார்க் கேள்விகள். பகுதி ஆ யூனிட்டுக்கு ஒன்றாக ஐந்து பதின்மூன்று மார்க். கடைசியில் ஒரு பதினைந்து மார்க். எனவே நகலில் இருந்து ஒவ்வொரு யூனிட்டிலும் என்ன கிடைத்தது என்று பிரித்தெடுக்கலாம். இவருடைய எம்-3 இப்படி இருந்தது: பகுதி அ 6, பார்ஷியல் டிஃபரன்ஷியல் 9, ஃபூரியர் சீரிஸ் 11, அலை மற்றும் வெப்பச் சமன்பாடு 2, ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம் 6, இசட் டிரான்ஸ்ஃபார்ம் 0, பதினைந்து மார்க்கில் 4.

இசட் டிரான்ஸ்ஃபார்ம் பக்கம் வெறுமையாக இருக்கிறது. தப்பாகப் போட்டிருந்தால் வேறு மாதிரி யோசிப்போம். ஆனால் அவர் போகாமல் விட்ட இரண்டாம் தேர்வில் வந்த யூனிட் இதுவேதான். ஆக அவருக்கு அது கடினம் என்று சொல்ல முடியாது, படிக்கவே இல்லை, அவ்வளவுதான். அந்த யூனிட்டுக்கு மற்றவற்றின் துணையும் அதிகம் தேவையில்லை: பார்ஷியல் ஃபிராக்ஷன், கன்வல்யூஷன், டிஃபரன்ஸ் ஈக்வேஷன் தீர்ப்பது என்று மூன்று வகைக் கணக்கு. அதில் 9 எடுத்து, இரண்டு மார்க் கேள்விகளில் 6ஐ 14 ஆக்கினால் 38உடன் 17 கூடி 55. எல்லையை ஒட்டி நிற்பதால் ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்மில் மூன்று மார்க் உயர்த்த முயல்வோம், அது 58. அலைச் சமன்பாட்டை இப்போதைக்குத் தொடமாட்டோம். ஃபூரியர் சீரிஸ் சுத்தமாக வந்த பிறகும் ஒரு கணக்குக்கு இரண்டு பக்கம் போகும், ஒரு குறி தப்பினாலும் விடை கைவிட்டுப் போகும்.

தெர்மோவில் குறை சின்னது. தூய பொருள் யூனிட்டில் நீராவி அட்டவணையில் இடைமதிப்பு எடுக்கும் இடத்தில் கணக்கைப் பாதியில் விட்டிருந்தார். அதற்குச் சில மாலைகள் அட்டவணையைப் புரட்டிப் பழகினால் போதும். அதை முதலில் முடித்து, வாரம் ஒரு கணக்கு போட்டு மறக்காமல் வைத்துக்கொள்வோம். நடுவில் பெரும்பங்கு நேரம் எம்-3க்கு.

மெஷின்ஸ் விடைத்தாளில் ஏறக்குறைய எல்லாக் கேள்வியும் தொட்டிருக்கிறார், எல்லாவற்றிலும் ஆரம்பத்திலேயே பிழை. இன்டர்னல் தேர்வுகளும் அதையே சொல்கின்றன. இங்கே ஒட்டுப்போட முடியாது, அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும். மீதமாகும் நேரத்தில் கியர், உராய்வு ஆகிய இரண்டு யூனிட்டையும் இரண்டு மார்க் கேள்விகளையும் நடத்துவோம். தேர்வு எழுதுவார். ஆனால் இந்த முறை கிடைக்கும் என்று பெற்றோரிடம் உறுதி சொல்லமாட்டோம், அந்தப் பேப்பருக்கு முழுக் கட்டணமும் வாங்கமாட்டோம்.

ரிசல்ட்டில் கிரேடு மட்டும்தான் வரும். எனவே நகலுக்கு, ரிசல்ட் வந்து குறுகிய நாட்களுக்குள் கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். தவறவிட்டவர்கள் கவலைப்பட வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இங்கே பழைய வினாத்தாள் ஒன்றை மூன்று மணி நேரம் எழுதுங்கள், அதை யூனிட் வாரியாகத் திருத்தி அதன்மேல் திட்டம் போடுகிறோம். அதற்குக் கட்டணம் இல்லை. கால்குலேட்டரும் நீராவி அட்டவணையும் நீங்கள் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
டியூஷன் மையத்தார், தக்கலை