முரண் இருந்தால் முரண் என்றே எழுதுங்கள்: டிஸ்சார்ஜ் சம்மரி தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்களுக்கும் மருத்துவப் பதிவுப் பிரிவினருக்கும் வணக்கம்.

என் அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரி பற்றி நான் கொடுத்த புகாருக்கு உங்கள் பதில் கிடைத்தது. 'கேஸ் ஷீட்டில் உள்ளபடியே சம்மரி தயாரிக்கப்பட்டுள்ளது' என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். கேஸ் ஷீட்டில் இரண்டு விதமாக இருக்கிறதே, அதில் எதன்படி என்பதுதான் என் கேள்வி.

நகல் உங்களிடமும் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது. அப்பாவைச் சேர்த்த இரவு டியூட்டி டாக்டர் எழுதிய குறிப்பில், 'பென்சிலின் ஊசிக்குப் பிறகு உடல் முழுக்கத் தடிப்பு, இளவயதில். தகவல்: மனைவி' என்று தெளிவாக இருக்கிறது. அதே இரவு தொடங்கிய மருந்து அட்டையின் ஒவ்வாமைக் கட்டத்தில் 'இல்லை' என்று இருக்கிறது. யார் சொன்னது, யாரைக் கேட்டு எழுதியது என்று ஒரு சொல்லும் இல்லை. சம்மரியில் வந்தது இந்த இரண்டாவதுதான்: 'மருந்து ஒவ்வாமை: இல்லை.'

இதனால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். அப்பாவுக்குத் தொண்டையில் தொற்று என்று வேறொரு மருத்துவரிடம் போனோம். அவர் சம்மரியைப் பார்த்துவிட்டு அமாக்சிசிலின் எழுதினார். அது பென்சிலின் குடும்பம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அம்மா பதறிப்போய் விஷயத்தைச் சொன்னதும் அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். 'பெரிய ஆஸ்பத்திரியிலேயே இல்லை என்றுதானே போட்டிருக்கிறார்கள்?' அவர் மேல் எனக்குக் கோபமில்லை. முத்திரை குத்திய தாளும் எழுபது வயது அம்மாவின் நினைவும் எதிரெதிரே நின்றால் யாரும் தாளைத்தான் நம்புவார்கள். அந்தத் தடிப்பைக் கண்ணால் பார்த்தவர் அம்மா. இப்போது அவர்தான் ஒவ்வொரு டாக்டரிடமும் தான் பொய்க்காரி இல்லை என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அம்மா சொன்னது உங்கள் கேஸ் ஷீட்டிலேயே பதிவாகியிருக்கிறது என்பது அந்தத் தாளைப் படிக்கும் யாருக்கும் தெரியாது.

உங்கள் பிரிவில் ஒருவர் நேரில் சொன்ன விளக்கத்தையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். 'சார், நர்ஸ் குறிப்புகளில் எல்லா ஷிப்டிலும் இல்லை என்றுதான் இருக்கிறது. ஒரே ஒரு இடத்தில்தான் உண்டு என்று இருக்கிறது.' நீளமான அறிக்கைகளைச் சுருக்கிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அதனால் இந்த வாதம் எனக்கு ரொம்பப் பழக்கம். அந்த ஷிப்ட் குறிப்புகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். முதல் ஷிப்டில் மருந்து அட்டையைப் பார்த்து எழுதியதை அடுத்தவர் அப்படியே எடுத்து எழுதியிருக்கிறார், அவருக்கு அடுத்தவரும் அப்படியே. சொற்கள்கூட மாறவில்லை. ஒரே வாக்குமூலம் பலமுறை நகலெடுக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். முரண் வரும்போது எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணக் கூடாது. முதலில் யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும் என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 'உண்டு' பக்கம் பெயர் சொல்லி ஒரு சாட்சி இருக்கிறார். 'இல்லை' பக்கம் ஆளே இல்லை.

அப்படியானால் 'உண்டு' என்று போட்டிருக்க வேண்டுமா? அதையும் நான் கேட்கவில்லை. பென்சிலின் ஒவ்வாமை என்று பதிவானவர்களை முறையாகச் சோதித்தால் ஏறத்தாழ 10 பேரில் 9 பேருக்கு அது இல்லை என்றே வருகிறது. இளவயதில் வந்த அந்தத் தடிப்பு காய்ச்சலோடு வந்ததாக இருக்கலாம். உண்மையான ஒவ்வாமையும் வருடங்கள் போகப் போகப் பலருக்கு விட்டுப்போகிறது. யோசிக்காமல் 'உண்டு' என்று முத்திரை குத்தினால், பிற்பாடு பென்சிலினே சிறந்த மருந்தாக இருக்கும் நோயிலும் வேறு எதையாவது கொடுத்துச் சமாளிக்க வேண்டிவரும். ஆகவே எந்தப் பக்கம் மறைத்தாலும் நோயாளிக்குத்தான் நஷ்டம். 'ஒவ்வாமை இருக்கலாம்' என்று மழுப்பினாலும் அதேதான். கேஸ் ஷீட்டில் யாரும் 'இருக்கலாம்' என்று சொல்லவில்லை. ஒருவர் உண்டு என்றார், இன்னொரு இடம் இல்லை என்றது. நடுவில் ஒரு புதுக் கருத்தைச் சம்மரி எழுதுபவர் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான்: முரண் இருந்தால் முரண் என்றே எழுதுங்கள். இப்படி:

'பென்சிலின் ஒவ்வாமை: பதிவுகள் முரண்படுகின்றன. சேர்க்கைக் குறிப்பு: இளவயதில் ஊசிக்குப் பின் உடல் முழுக்கத் தடிப்பு (மனைவி கூறியது). மருந்து அட்டை: இல்லை (தகவல் தந்தவர் குறிப்பிடப்படவில்லை). இம்முறை பென்சிலின் வகை மருந்து தரப்படவில்லை. சோதித்து உறுதிசெய்யும் வரை தவிர்க்கவும்.'

நான்கைந்து வரிதான். இடமில்லை என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். நார்மலாக வந்த சிறுநீர்ப் பரிசோதனைக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். இந்த வரிகள் ஒவ்வாமைக் கட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். கட்டத்தில் 'இல்லை' என்று போட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் சொன்னால், அவசரத்தில் பார்க்கிற டாக்டர் கட்டத்தோடு நின்றுவிடுவார்.

எல்லா வேறுபாட்டையும் இப்படிக் கொட்டச் சொல்லவில்லை. அப்பாவின் கிரியேட்டினின் சேர்த்த அன்று 2.1, வீடு திரும்பும்போது 1.3. இது முரணே இல்லை, இடையில் உடல் தேறியிருக்கிறது. தேதியோடு எழுதினால் போதும். ஓரிடத்தில் வயது 74, இன்னோரிடத்தில் 75 என்று இருக்கிறது. அடையாள அட்டையைப் பார்த்துச் சரிசெய்துவிட்டுப் போகலாம், அதனால் மாத்திரை மாறப்போவதில்லை. படிப்பவர் செய்யப்போகும் காரியம் எந்த வேறுபாட்டால் மாறுமோ, அதை மட்டும் வெளியே வையுங்கள்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்கே செய்தித்தாளில் 'போலீஸ் கணக்கு இது, ஏற்பாட்டாளர்கள் சொல்வது இது' என்று இரண்டையும் போடுகிறார்கள். கூட்டத்தின் தலைக் கணக்குக்குக் கிடைக்கிற மரியாதை என் அப்பாவின் உயிருக்குக் கிடைக்கவில்லை. சம்மரி வழவழவென்று ஒரே குரலில் இருந்தால்தான் நல்ல சம்மரி என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. அலுவலகங்களில் கூட்டக் குறிப்பு எழுதுபவர்களும் இதையேதான் செய்கிறார்கள். நான்கு பேர் எதிர்த்துப் பேசியிருப்பார்கள், தாளில் 'ஒருமனதாக' என்று வந்துவிடும்.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். மன்னிக்கவும். டிஸ்சார்ஜ் நாளன்று காலையில் சம்மரி எழுதும் இளம் மருத்துவர்கள் எத்தனை படுக்கைகளுக்கு நடுவே ஓடுகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். குற்றம் அவர்களுடையது என்று நான் நினைக்கவில்லை. உங்கள் படிவத்தில் 'உண்டு', 'இல்லை' என்று இரண்டே கட்டங்கள்தான் இருக்கின்றன. முரண் கண்ணில் பட்டாலும் அதை எழுத அவர்களுக்கு இடம் கொடுக்கவில்லை.

ஆகவே பணிவோடு இரண்டு கோரிக்கைகள். படிவத்தில் 'பதிவுகள் முரண்படுகின்றன' என்று மூன்றாவது கட்டம் ஒன்றும், அதன் கீழே யார் சொன்னது என்று எழுத நான்கு வரி இடமும் சேர்த்துக்கொடுங்கள். அடுத்து, அப்பாவின் சம்மரியைத் திருத்திக் கொடுங்கள். 'உண்டு' என்று மாற்ற வேண்டாம், இரண்டு பதிவையும் அப்படியே போடுங்கள். ஒவ்வாமைச் சோதனைக்கு அவரை அழைத்துப் போகிறோம். அங்குள்ள மருத்துவர் பழைய பதிவுகளைக் கேட்டிருக்கிறார், அதற்குள் கிடைத்தால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் பழைய நோயாளி ஒருவரின் மகன்