துணைக்காலைத் தனியே படிக்க வேண்டாம்

பாம்பன்

அன்பு மகளுக்கு,

பேத்தி உயிர்மெய் அட்டவணையைத் தொலைபேசியில் எனக்குப் படித்துக் காட்டினாள். க, கா, கி, கீ என்று தடங்கலில்லாமல் சொன்னவள், நான் எழுதி அனுப்பியிருந்த ‘கொடுவா’ என்ற மீன் பெயரை ‘கெ, ஆ, டு, வா’ என்று பிரித்துப் படித்தாள். வரிசை அவளுக்கு மனப்பாடமாகியிருக்கிறது. குறிகளைப் பார்த்துப் படிக்கும் பழக்கம் இன்னும் வரவில்லை.

அவளைக் குழப்புவது துணைக்கால்தான். ‘வா’வில் அது ஆகாரத்தைக் காட்டுகிறது. ‘கொ’வில் வரும் அதே கால், முன்னே நிற்கும் ஒற்றைக்கொம்போடு சேர்ந்து ஒகரத்தைக் காட்டுகிறது, அங்கே ஆகாரத்துக்கு வேலையே இல்லை. கொம்பு மெய்க்கு முன்னால் எழுதப்பட்டாலும் அதன் ஒலி மெய்க்குப் பின்னால்தான் வருகிறது என்பதால், எழுத்தின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் பார்த்து முடித்த பிறகே அவள் வாய் திறக்க வேண்டும். கொம்பு மட்டும் இருந்தால் ‘கெ’, கால் மட்டும் இருந்தால் ‘கா’, இரண்டும் இருந்தால் ‘கொ’, கொம்பு இரட்டையானால் ‘கோ’ என்று ஒரு தாளில் எழுதி, வரிசை மாற்றிக் கேட்டுப் பார். வரிசைப்படி சரியாகச் சொல்லிவிட்டு, மாற்றிக் கேட்கும்போது தயங்கினால், அவள் இன்னும் ஒப்பிக்கிறாள் என்று தெரிந்துகொள்.

அடுத்துச் சிக்கல் தருவது ஊகார வரிசை. தூண்டில், நூல், லூட்டி ஆகிய சொற்களின் முதலெழுத்தில் உகர வடிவத்தோடு கால் ஒட்டியிருக்கும். அது உகரத்தை நெடிலாக்கும் கால். ‘தூ’வை ‘து, ஆ’ என்று படிக்கக் கூடாது. ஆனால் மூங்கிலின் ‘மூ’விலும் பூவின் ‘பூ’விலும் சூடை மீனின் ‘சூ’விலும் கால் கிடையாது, சுழிப்புதான் உண்டு. உகர, ஊகாரங்களுக்கு எல்லா மெய்க்கும் பொருந்தும் ஒரே குறி இல்லாததால், அந்த இரண்டு வரிசைகளையும் எழுத்து எழுத்தாக எழுதிப் பழகுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. கணினியில் தட்டும் பெரியவர்களே ‘து’வுக்குப் பின் காலைத் தனியே சேர்த்து ‘துாண்டில்’ என்று எழுதிவிடுகிறார்கள். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றாகத் தெரிந்தாலும், ‘தூண்டில்’ என்று தேடினால் அந்தச் சொல் அகப்படாது.

வீட்டிலுள்ள பழைய புத்தகங்களை அவளிடம் இப்போது கொடுக்காதே. ணா, றா, னா மூன்றுக்கும் அவற்றில் கால் தனியாக இராது, எழுத்தோடு வளைந்து சேர்ந்திருக்கும். 1978-இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகே அவையும் மற்ற எழுத்துகளைப் போலத் தனிக்கால் பெற்றன.

இந்த வாரம் அவளுக்குக் கொடுவா, சூடை, சுறா, தூண்டில், தோணி, கூனி ஆகிய ஆறு சொற்கள் போதும். ஒவ்வொன்றிலும் கால் இருக்கிறதா, இருந்தால் எங்கே, அது எதனோடு சேர்ந்து நிற்கிறது என்று முதலில் விரல் வைத்துக் காட்டச் சொல், பிறகு படிக்கட்டும்.

அன்புடன்,
அப்பா