பில்லில் குறையும் காசைக் கழிவு என்று எழுதாதீர்கள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தனியாட்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் தோழர்களுக்கு,

வருட முடிவில் என்னிடம் வரும் ஏடுகளில் ஒரே தவறு திரும்பத் திரும்ப வருகிறது. அதற்காகத்தான் இந்த மடல்.

கல்லடியில் ஒரு பொறியியலாளர் இருக்கிறார் என்று வையுங்கள். அக்கரைப்பற்று நிறுவனம் ஒன்றுக்குக் கட்டட வரைபடம் செய்து 200,000 ரூபாவுக்குப் பில் கொடுக்கிறார். வங்கிக்கு வந்தது 190,000. மாதம் 100,000 ரூபாவுக்கு மேல் போகும் இப்படியான சேவைக் கட்டணத்தில் 5 வீதம் நிறுத்திவைத்தல் வரியாகப் பிடிக்க வேண்டும் என்பது 2023 ஜனவரி முதல் உள்ள சட்டம். மேலதிகத் தொகைக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் பிடிப்பார்கள்.

அந்த 10,000 ரூபாவை நம்மவர்கள் ‘கொடுத்த கழிவு’ என்று எழுதிவிடுகிறார்கள். சிலர் வருமானத்தையே 190,000 ஆக்கிவிடுவார்கள். இரண்டும் ஒன்றுதான், இலாபம் 10,000 குறையும். பொறியியலாளர் 18 வீதப் படியில் இருந்தால் அதனால் மிஞ்சுவது 1,800 ரூபா. ஆனால் அவர் பெயரில் ஏற்கெனவே கட்டப்பட்ட 10,000 ரூபா வரி ஏட்டிலிருந்தே காணாமல் போய்விடும். இது என்ன கணக்கு?

சரி, எப்படி எழுதுவது? பில் கொடுத்த நாளில் கடன்பட்டோர் வரவு 200,000, சேவை வருமானம் செலவு 200,000. அன்றைக்கு வரியைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம், காசு கொடுக்கும்போதுதான் பிடிப்பார்கள். காசு வந்த நாளில் வங்கி வரவு 190,000, ‘பிடிக்கப்பட்ட வரி’ என்று ஒரு சொத்துக் கணக்கு திறந்து அதில் வரவு 10,000, கடன்பட்டோர் செலவு 200,000. கடன்பட்டவர் கணக்கு தீர்ந்துவிடும், வருமானமும் முழுசாக நிற்கும்.

குறைந்த தொகை சரியாக 5 வீதம்தானா என்று முதலில் பாருங்கள். 188,000 வந்திருந்தால் 10,000 மட்டும் வரிக் கணக்குக்குப் போகட்டும். மிச்சம் 2,000 கடன்பட்டோரிலேயே இருக்கட்டும், ஏன் குறைந்தது என்று கேட்டு எழுதுங்கள்.

அப்புறம் சான்றிதழ். பிடித்தவர் அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கட்ட வேண்டும், நமக்குச் சான்றிதழும் தர வேண்டும். பலர் நாம் கேட்கும் வரை தருவதில்லை. வந்ததும் வரி செலுத்துநர் இலக்கத்தைப் பாருங்கள், ஓர் எண் பிழைத்தாலும் கட்டிய வரி பொறியியலாளர் பெயருக்கு வராது. மொத்தத் தொகை 200,000 என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

மார்ச் 31 அன்று ‘பிடிக்கப்பட்ட வரி’ கணக்கின் மீதியும் கோப்பிலுள்ள சான்றிதழ்களின் கூட்டுத்தொகையும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் எந்தப் பில்லுக்குச் சான்றிதழ் இல்லை என்று கண்டுபிடித்து அப்போதே கேளுங்கள். விவரத்திரட்டு கொடுக்க நவம்பர் 30 வரை நேரமிருக்கிறது, ஆனால் நவம்பரில் தேடும்போது பிடித்த நிறுவனத்தின் கணக்காளரே மாறியிருப்பார்.