ஆண்டறிக்கை: பருவக் கவிதைப் பலகையும் எங்கள் தன்கா முறையும்

தலைவருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம். வழமையான விடயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நூலக அலுமாரிக்குக் கறையான் மருந்து அடித்தாயிற்று. இந்த ஆண்டில் எங்கள் நேரத்தையும் வாதத்தையும் அதிகம் எடுத்துக்கொண்டது வாசலில் இருக்கும் கவிதைப் பலகைதான். அதனால் இந்த அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியதே.

முன்பு பலகையில் ஹைக்கூ எழுதினோம். மூன்று வரியில் காட்சியை வைத்துவிடலாம், ஆனால் அதைப் பார்க்கும் மனிதருக்கு அங்கே இடம் கிடைப்பதில்லை என்று பலர் சொன்னார்கள். எனவே தன்கா என்னும் இன்னொரு ஜப்பானிய வடிவத்துக்கு மாறினோம். ஐந்து, ஏழு, ஐந்து, ஏழு, ஏழு என்று ஐந்து வரிகள், மொத்தம் 31 எண்ணிக்கை. இது ஹைக்கூவை விட மிகப் பழைய வடிவம். 8ஆம் நூற்றாண்டின் மன்யோஷூ தொகுப்பில் உள்ள ஏறத்தாழ 4,500 பாடல்களில் பெரும்பங்கு இதுதான். மரபான ஹைக்கூவுக்குப் பருவச்சொல் வேண்டும், இதற்கு அது கட்டாயமில்லை. எங்கள் பலகை பருவத்துக்கு ஒருமுறை மாறுவதால், மாரி, கோடை, வாடை, பெரும்போக விதைப்பு என்று ஏதாவதொரு பருவக்குறி இருக்க வேண்டும் என்பதை நாங்களாகவே சேர்த்துக்கொண்டோம்.

முதல் சிக்கல் எதை எண்ணுவது என்பதில் வந்தது. ஜப்பானியர் எண்ணுவது ஒலியின் கால அளவை. நெடில் அவர்களுக்கு இரண்டு, சொல்லின் நடுவில் வரும் இரட்டிப்புக்கு ஒன்று, தனித்து நிற்கும் மூக்கொலிக்கும் ஒன்று. டோக்கியோ அவர்கள் கணக்கில் நான்கு. நாமும் மாத்திரையை எண்ணலாமே என்று சிலர் கேட்டார்கள். எண்ணிப் பார்த்தோம். ஒற்றுக்கு அரை மாத்திரை, ஐகாரம் சொல்லின் இடையிலும் கடையிலும் குறுகும், குற்றியலுகரம் இன்னும் குறுகும். ஒரு வரியை முடிக்கும் முன்னரே சண்டை தொடங்கிவிட்டது. ஒற்றையும் சேர்த்து எல்லா எழுத்தையும் எண்ணினால் ஐந்து எழுத்து வரியில் இரண்டு சொல் வைப்பதே பெரும்பாடு.

முடிவில் எங்கள் மரபிலேயே வழி இருந்தது. கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17 எழுத்து. அங்கே ஒற்றை எண்ணுவதில்லை. தொல்காப்பியமும் செய்யுளில் உயிரில்லாத எழுத்தை எண்ணவேண்டாம் என்கிறது. ஆகவே உயிரும் உயிர்மெய்யும் மட்டும் ஒன்று ஒன்றாக, புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிட்டு எண்ணுவது என்று தீர்மானித்தோம். அப்புறம் ஒரு துணைவிதி: வாய்விட்டு வாசிக்கும்போது புணர்ந்து வந்தால், புணர்ந்தபடியே எழுதி எண்ண வேண்டும். ‘காற்று அடித்து’ ஐந்து, ‘காற்றடித்து’ நான்கு. ஓர் எழுத்து தேவைப்படுகிறது என்பதற்காகச் சொல்லைப் பிரித்து எழுதக்கூடாது.

இதில் ஒரு குறையும் உண்டு. ஜப்பானியர் கணக்கில் சேரும் ஒற்றும் நெடிலின் நீளமும் எங்களுக்கு எண்ணிக்கையில் வராததால், எங்கள் 31 எழுத்து அவர்களுடைய 31ஐ விடப் பாரமானது. சொல்லை நெருக்கிவைத்தால் தன்கா செய்தித் தலைப்புப் போலாகிவிடும்.

இனி, மாரிப் பலகைக்கு வந்த ஒன்றைப் படிப்படியாகச் சொல்கிறேன். எழுதியவர் கரைவலைத் தொழில் செய்யும் குடும்பத்துப் பெண். அவருடைய சம்மதத்துடன்தான் இதை இங்கே வைக்கிறேன். முதலில் அவர் கொண்டுவந்தது இது:

வாடைக்காற்று வந்தது
வலையும் வாடிக்குள்ளே
கரையில் கிடக்கும் தோணி
மனதில் சோகம் பொங்க
வறுமை வாட்டும் காலம்

எண்ணிப் பார்த்தால் முதல் வரி ஏழு, மூன்றாம் வரி எட்டு. இதைத் திருத்துவது எளிது. வாடை என்றாலே வடக்கிலிருந்து வரும் காற்று. ‘காற்று’ போனால் வா, டை, வ, த, து என்று ஐந்து சரியாக வருகிறது. கரையில் தோணி என்றாலே அது ஏற்றிவைக்கப்பட்டுக் கிடக்கிறது. ‘கிடக்கும்’ போனால் க, ரை, யி, தோ, ணி, அதுவும் ஐந்து. எண்ணிக்கை கூடிய வரியில் முதலில் தேடவேண்டியது இப்படி இன்னொரு சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிற சொல்லைத்தான்.

உண்மையான கோளாறு எண்ணிக்கை சரியாக இருந்த கடைசி இரண்டு வரிகளில்தான் இருந்தது. இரண்டும் ஏழு ஏழு. ஆனால் அவற்றைப் பிடுங்கி வரட்சி, வெள்ளம், வேலையின்மை என எந்தக் கவிதையின் கீழும் ஒட்டலாம். அப்படி ஒட்ட முடிந்தால் அந்த வரிகள் அந்தக் கவிதைக்கு உரியவை அல்ல என்று நாங்கள் அடையாளம் கண்டுகொள்கிறோம். தன்காவின் முதல் மூன்று வரிகளான மேற்பாதி காட்சி, கடைசி இரண்டு வரிகளான கீழ்ப்பாதி அந்தக் காட்சிக்கு ஒரு மனிதர் தரும் பதில். அந்தப் பதிலை உணர்ச்சியின் பெயராகச் சொல்லாமல், அவர் செய்கிற ஒரு காரியமாகச் சொன்னால் நன்றாக நிற்கிறது.

ஜப்பானில் மேற்பாதியை ஒருவரும் கீழ்ப்பாதியை வேறொருவரும் பாடும் வழக்கம் இருந்தது. தொடர்கவிதையே அதிலிருந்து வளர்ந்ததுதான். கீழ்ப்பாதி அடைபட்டால் நாங்களும் மேற்பாதியை இன்னொருவர் கையில் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொல்கிறோம். அன்று எங்கள் மூத்த அங்கத்தவரான ஓய்வுபெற்ற ஆசிரியர் கேட்டார்: “பிள்ளை, உங்கட அப்பா இப்ப என்ன செய்யிறார்?”

“தொழில் இல்லாட்டியும் விடியமுன்னம் எழும்பிருவார் சேர். போய்க் கடலப் பாத்துக்கொண்டு நிப்பார்.”

“அதையே எழுதுங்கோ.”

‘விடியுமுன் எழும்பி’ உடனே ஏழாக வந்துவிட்டது. கடைசி வரிதான் இழுத்தது. ‘கடலைப் பார்த்து நிற்கிறார்’ எட்டு, அப்பாவும் அதில் இல்லை. ‘அப்பா கடலைப் பார்க்கிறார்’, அதுவும் எட்டு. ஓர் எழுத்துக் கூடினால் ஜப்பானியரும் பொறுத்துக்கொள்வார்கள், அதை ஜி-அமாரி என்பார்கள். குறைத்தால் தமிழ் கெடும் என்கிற இடத்தில் மட்டும் நாங்களும் பொறுக்கிறோம். இங்கே ஐ உருபு இல்லாமலே தமிழ் இயல்பாக நிற்கிறது. எனவே பலகைக்கு ஏறியது இது:

வாடை வந்தது
வலையும் வாடிக்குள்ளே
கரையில் தோணி
விடியுமுன் எழும்பி
அப்பா கடல் பார்க்கிறார்

கடைசி வரியின் எண்ணிக்கை அ, பா, க, ட, பா, கி, றா. ஒற்றையும் சேர்த்திருந்தால் இதுவே 12 ஆகியிருக்கும். மேற்பாதியில் ஓரிடத்திலும் மனிதர் இல்லை என்பதையும் கவனியுங்கள். அதனால்தான் அப்பா வரும்போது அவருக்கு இடம் இருக்கிறது. இந்த ஆண்டு பலகையில் ஏறியவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கோடைப் பலகைக்கு நிறைய வந்தன, ஆனால் கன்னியா வெந்நீரூற்றையும் கோணேசர் மலையையும் வர்ணித்து ஐந்து வரியையும் காட்சியாலேயே நிரப்பியவையே அதிகம். மேற்பாதியை ஐந்து வரிக்கு இழுத்தால் தன்கா ஆகாது. அவற்றை எழுதியவர்களிடமே கேள்விகளுடன் திருப்பிக் கொடுத்திருக்கிறோம்.

வரும் ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள். மாரியில் சுண்ணக்கட்டி எழுத்து ஒரே நாளில் கரைந்துபோவதால் பலகைக்கு மேலே ஒரு சிறு தகரக் கூரை தேவை. அதற்கான செலவைப் பொதுக்கூட்டம் அங்கீகரிக்க வேண்டும். கவிதை தருவோர் ஒவ்வொரு வரிக்கும் எதிரே எண்ணிக்கையைப் பென்சிலால் குறித்து, எண்ணிய எழுத்துகளின் கீழே கோடிட்டுத் தாருங்கள். அடுத்த பலகைக்கான தன்காக்களைச் சித்திரைப் பிறப்புக்கு முன்னர் என்னிடம் சேர்ப்பிக்கவும்.

செயலாளர்
திருகோணமலை