முடி கொட்டுவது பற்றி, பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உதிர்ந்த முடியின் நுனியில் வெள்ளையாக ஒரு சின்ன முடிச்சு தெரிகிறது. நீ பயப்படுகிற மாதிரி அது வேர் இல்லை. வளர்ந்து முடித்து ஓய்வுக்குப் போன முடி அப்படித்தான் விழும். தோல் ஓபியில் நர்ஸாக இருந்த காலத்தில், பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து காட்டுவார்கள், பாவம்.

ஷாம்பூவை மாற்றியதால் என்கிறாய். உன் ஆபீஸில் ஆட்குறைப்புப் பேச்சு கிளம்பியது மார்ச்சில். முடி கொட்ட ஆரம்பித்தது ஜூனில். கணக்கு சரியாக வருகிறது. பெரிய மனக்கவலையோ கடும் காய்ச்சலோ வந்தால் நிறைய முடிகள் ஒரே சமயத்தில் வளர்ச்சியை நிறுத்திவிடும். ஆனால் விழுவதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்குள் நாம் காரணத்தை மறந்துவிட்டு எண்ணெயையும் தண்ணீரையும் திட்டுவோம். கவலை அடங்கினால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் உதிர்வது குறையும். அடர்த்தி திரும்ப இன்னும் கொஞ்ச நாள் பிடிக்கும்.

அதற்காக எல்லாவற்றையும் கவலைமேல் போடாதே. இரும்புச்சத்து குறைந்தாலும் தைராய்டு கோளாறு இருந்தாலும் இதே மாதிரிதான் கொட்டும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், டிஎஸ்ஹெச் மூன்றும் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேள். பயோட்டின் மாத்திரை சாப்பிடுவதாகச் சொன்னாயே, அதை ரத்தம் கொடுக்கும் முன்பே சொல்லிவிடு. தைராய்டு முடிவைத் தப்பாகக் காட்டிவிடும். காசு அளவில் வட்டமாக வழுக்கை விழுந்தால் அது புழுவெட்டு, வேறு சங்கதி. அதற்கும், தலையில் எரிச்சலோ செதிலோ இருந்தாலும், காத்திருக்காமல் போ.

அப்புறம் அந்தச் சாயங்கால அரிப்பு. பை வார் அழுத்துகிற இடத்தில் தடிப்பு வருகிறது என்றாயே, அடுத்த முறை பேனாவால் அதைச் சுற்றிக் கோடு போட்டு நேரம் எழுதி வை. மறுநாள் அதே நேரத்துக்குள் சுவடில்லாமல் மறைந்து வேறு இடத்தில் கிளம்பினால் அது காணாக்கடி. கவலை அதைத் தூண்டிவிடும். ஒரே இடத்தில் ஒரு நாளுக்கு மேல் நின்றாலோ, கன்றிப்போன தழும்பு விட்டாலோ, ஆறு வாரம் தாண்டினாலோ தோல் டாக்டரிடம் காட்டு. ராத்திரியில் விரலிடுக்கு அரித்து, அறைத்தோழிக்கும் அரித்தால் சிரங்காக இருக்கலாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கிரீமை மட்டும் தடவாதே. பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். படர்தாமரையாக இருந்தால் அதை அடையாளம் தெரியாமல் பரப்பிவிடும்.

உதடோ நாக்கோ வீங்கி மூச்சு முட்டினால் எனக்குப் போன் செய்துகொண்டிருக்காதே. 108-ஐக் கூப்பிடு.

டாக்டரிடம் தோலை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடாதே. தூக்கம் வராததையும், நெஞ்சு படபடப்பதையும், மாதக்கணக்காக இப்படி இருப்பதையும் சேர்த்தே சொல். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் 14416-க்குப் போன் செய்யலாம். அரசாங்கத்தின் டெலி மனஸ், காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள்.

சனிக்கிழமை அப்பாயின்ட்மென்ட் கிடைத்தால் சொல், வெள்ளி ராத்திரி பஸ்ஸில் நான் கிளம்பி வருகிறேன்.

அம்மா